முப்போகம் என்றால் எத்தனை? ஒரு வாக்கியக் கணக்கும் மலைப் பிள்ளைகளும்

கோத்தகிரி_கணக்கு எழுதியது:

வணக்கம். நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன். பல பள்ளிகளுக்குச் சேர்த்துப் போட்ட பொதுத்தாளில் வந்த ஒரு கணக்கை அப்படியே தருகிறேன்.

*"ஒரு விவசாயி தனக்குச் சொந்தமான 2½ ஏக்கர் நஞ்சை நிலத்தில் முப்போகம் விளைவித்து, போகத்திற்கு ஏக்கருக்கு 20 மூட்டை வீதம் கிடைத்த நெல்லில் ஐந்தில் ஒரு பங்கை வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் ஒதுக்கியது போக எஞ்சியதை மூட்டை ரூ.1,200 வீதம் விற்றால், ஓராண்டில் அவருக்குக் கிடைக்கும் தொகை எவ்வளவு?"*

விடை ரூ.1,44,000. என் வகுப்பில் சரியாகப் போட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஆனால் இதே பின்னத்தையும் பெருக்கலையும் வெறும் எண்ணாகக் கொடுத்தால் பாதிப் பேருக்கு மேல் போட்டுவிடுகிறார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "சார், நஞ்சை நிலம்னா விஷம் போட்ட நிலமா?" என்று கேட்டாள். சிரிக்க முடியவில்லை, அவள் தமிழ்ப் பாடத்தில் படித்ததை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள்.

அடுத்த தாளைத் தயாரிக்கும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். எந்த ஊர்ப் பிள்ளை படித்தாலும் கதை புரிகிற மாதிரி எப்படி எழுதுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

குன்னூர்_சிவா எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சார்? நீலகிரியில் நெல்லே கிடையாது. நெல்லை எடுத்துவிட்டுத் தேயிலையைப் போடுங்கள். மூட்டைக்குப் பதில் கிலோ, விவசாயிக்குப் பதில் கொழுந்து பறிக்கும் அம்மா. ரயில் கணக்கா, நம் மலை ரயில். காய்கறியா, கேரட். கதை நம் ஊராக இருந்தால் பிள்ளை தானாகப் போடும்.

---

பந்தலூர்_டீச்சர் எழுதியது:

சிவா சார், நீலகிரி என்றால் ஊட்டியும் குன்னூரும் மட்டும் இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் வந்து பாருங்கள், வயல் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கு வரும் வயநாடன் செட்டி வீட்டுப் பிள்ளைகளுக்கு நாற்று, கதிர், களம் எல்லாம் தெரியும். பணியர் பிள்ளைகளில் பலருக்கு அம்மா நாற்று நடப் போவது தெரியும். ஆனால் இங்கே பெரும்பாலும் மழையை நம்பி வருஷத்துக்கு ஒரு விளைச்சல்தான்.

அதனால் இதே தாளில் எங்கள் பிள்ளைகள் விழுந்த இடம் வேறு. நஞ்சையில் யாரும் தடுக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதிய விடை 48,000. நெல் தெரிந்த பிள்ளைதான் அதிகமாக இதை எழுதியது. நெல்லே தெரியாதவர்கள் பலர் கணக்கைத் தொடவில்லை.

---

கோத்தகிரி_கணக்கு எழுதியது:

டீச்சர், என் விடைத்தாள் கட்டிலும் 48,000 நிறைய இருக்கிறது. கவனக்குறைவு என்று சிவப்புக் கோடு போட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். இப்போது விடைத்தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். 36,000, 1,80,000 என்றும் சில வந்திருக்கின்றன.

---

வினாத்தாள்_மேசை எழுதியது:

பல வருஷம் வினா எழுதுவதும் பிறர் எழுதிய வினாவைச் சீர்பார்ப்பதுமே என் வேலையாக இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தத் தவறான விடைகளை மதிப்பெண்ணாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள்.

2½ × 20 = 50 மூட்டை, அது ஒரு விளைச்சல். மூன்று விளைச்சல் 150. ஐந்தில் ஒரு பங்கு 30. மீதி 120. 120 × 1,200 = 1,44,000. இது சரியான வழி.

48,000 எழுதிய பிள்ளை 50 மூட்டையோடு நின்று, 10 எடுத்துவைத்து, 40-ஐ விற்றிருக்கிறது. பின்னம், கழித்தல், பெருக்கல் எல்லாம் சுத்தம். அதற்குக் கிடைக்காதது "3" என்ற எண் மட்டும்தான். ஏன் கிடைக்கவில்லை? வினாவில் 3 என்று எங்கேயும் எழுதவில்லை, முப்போகம் என்ற சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம். தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு அந்தச் சொல்லே எண்ணைக் கொடுத்துவிடும். பந்தலூர்ப் பிள்ளைக்குத் தெரிந்த வயலில் வருஷத்துக்கு ஒரு அறுவடைதான், ஆகவே அது தன் வயலை வைத்துப் போட்டிருக்கிறது. இதுதான் சாய்வு. அளக்க வந்தது பின்னத்தை, அளந்தது டெல்டா விவசாயத்தை.

36,000 வேறு வழக்கு. இந்தப் பிள்ளை 150 வரை வந்துவிட்டது. 30 மூட்டையை, அதாவது ஒதுக்கிய பங்கையே, விற்றுவிட்டது. "ஒதுக்கியது போக எஞ்சியதை" என்ற இடத்தில் சறுக்கல். 1,80,000 எழுதியது அந்த இடத்தையே தாண்டிக் குதித்திருக்கிறது. இந்த இரண்டும் ஊரைப் பொறுத்தவை அல்ல, வாக்கியத்தைப் பொறுத்தவை. விவசாயியில் தொடங்கி 'எவ்வளவு?' வரை ஒரே மூச்சு வாக்கியம். விளைவித்து, கிடைத்த, ஒதுக்கியது, எஞ்சியதை, விற்றால் என்று வினையெச்சமும் பெயரெச்சமும் வினையாலணையும் பெயருமாக அடுக்கி, கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறோம். பிள்ளை எல்லாவற்றையும் மனதில் தாங்கிக்கொண்டே கடைசி வரை போக வேண்டும்.

எனவே நெல்லை எடுத்துவிட்டுத் தேயிலையை வைத்தால் முதல் வழக்கு மட்டும், அதுவும் ஒருவேளை, சரியாகும். இரண்டாவது அப்படியே இருக்கும்.

---

ஓய்வு_தலைமையாசிரியர் எழுதியது:

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. தெரியாத சூழலைப் படித்துப் புரிந்துகொள்வதும் கல்விதானே? எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு மாநிலம் முழுக்க ஒரே தாள். அதில் யார் கோத்தகிரிக்கென்று கேரட் போட்டுத் தருவார்கள்? இப்போதே எல்லாவற்றையும் மென்று ஊட்டினால் அங்கே போய் முழிக்கும். நெல் என்ன அயல்நாட்டுப் பொருளா? தினமும் சோறு சாப்பிடுகிறோம்.

நான் வேகக் கணக்கு எடுக்கும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயில் போகும் 46 கிலோமீட்டரை வைத்துத்தான் எடுப்பேன். அந்த ரயிலில் ஏறாத பிள்ளைகளும் போட்டார்கள்.

---

வினாத்தாள்_மேசை எழுதியது:

ஐயா, உங்கள் ரயில் கணக்கே நான் சொல்ல வந்ததற்கு நல்ல சான்று. 46 கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று தேவையான இரண்டையும் நீங்கள் கையில் கொடுத்துவிட்டீர்கள். பல்சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. ரயிலையே பார்க்காத பிள்ளையும் வகுத்துவிடும். அறிமுகமில்லாத கதை வேறு, வினா சொல்லாமல் எதிர்பார்க்கிற அறிவு வேறு. முதலாவதை நான் ஒருபோதும் எடுக்கச் சொல்லமாட்டேன். இரண்டாவது ஒரு வரியில் சரிசெய்யக் கூடியது: "ஓர் ஆண்டில் 3 முறை நெல் அறுவடை செய்தார்" என்று எழுதினால் போதும். நெல்லும் இருக்கட்டும், தஞ்சாவூரும் இருக்கட்டும்.

சீர்பார்க்கும்போது நான் செய்வது ஒன்றுதான். விடைக்குத் தேவையான எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் வினாவில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்ப்பேன். இந்தக் கணக்குக்கு 2½, 3, 20, 1/5, 1,200 வேண்டும். மூன்றின் மேல் விரல் வைக்க முடியாது.

---

ஊட்டி_அம்மா எழுதியது:

நல்ல விஷயம் பேசுகிறீர்கள். என் மகள் பத்தாம் வகுப்பு. நிகழ்தகவில் சீட்டுக்கட்டு கணக்கு வருகிறது. எங்கள் வீட்டில் சீட்டு என்ற பேச்சே கிடையாது, சூதாட்டத்தைப் பாடத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்கலாமா? இதை முதலில் எடுக்கச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது?

---

வினாத்தாள்_மேசை எழுதியது:

அம்மா, சூது நல்லதா கெட்டதா என்பதற்குள் நான் வரவில்லை, இங்கே பேச்சு அதைப் பற்றியும் அல்ல. ஆனால் நீங்கள் சொன்ன கணக்கில் நாங்கள் பேசும் அதே குறை இருக்கிறது. "நன்கு கலைக்கப்பட்ட சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது, அது இராசாவாக இருக்க நிகழ்தகவு என்ன?" என்று கேட்டால், கட்டில் 52 சீட்டு, அதில் 4 இராசா என்பது இரண்டும் வினாவில் இல்லை. வீட்டில் சீட்டு விளையாடும் பிள்ளைக்கு இலவசம். உங்கள் மகளுக்கு அதைத் தனியாக மனப்பாடம் செய்யும் வேலை. 52, 4 என்று எழுதிவிட்டால் கணக்கின் கடினம் துளியும் குறையாது.

---

ஊட்டி_அம்மா எழுதியது:

மனப்பாடம்தான் செய்கிறாள். சீட்டே கண்ணில் காட்டக் கூடாது என்பதுதான் என் கேள்வி, இருந்தாலும் நன்றி.

---

எஸ்டேட்_லைன்_பையன் எழுதியது:

நான் ஆசிரியன் இல்லை, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். தாத்தா பாட்டி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். தேயிலையைப் போட்டால் சரியாகிவிடும் என்று சிவா அண்ணன் சொன்னதற்குத்தான் எழுதுகிறேன்.

நான் படிக்கும்போது எங்கள் சார் ஆசையாக எங்களுக்கென்றே ஒரு கணக்கு போட்டார். "ஒரு பெண் ஒரு நாளில் 32 கிலோ பச்சைத் தேயிலை பறித்தாள். ஒரு கிலோ 12 ரூபாய் என்றால் அவளுக்குக் கிடைத்தது எவ்வளவு?" பக்கத்து பெஞ்சில் இருந்தவன் வீட்டுக்குச் சொந்தத் தோட்டம். பெருக்கி 384 என்று எழுதிவிட்டான். நான் எழுதவில்லை. எங்க அம்மாவுக்குக் கிலோவுக்கு விலை கிடையாது, நாள் சம்பளம். குறிப்பிட்ட கிலோவுக்கு மேலே பறித்தால்தான் அதற்குத் தனிக் காசு. அந்தக் கிலோ எவ்வளவு என்று கணக்கில் இல்லையே என்று உட்கார்ந்திருந்தேன். இன்னொருத்தன் ஈர இலைக்குக் கழிவு போட்டுக் குறைத்து எழுதினான். எடை போடும் இடத்தில் அவன் பார்த்தது அதுதான். எங்கள் மூன்று பேருக்கும் பெருக்கல் தெரியும்.

---

குன்னூர்_சிவா எழுதியது:

தம்பி, நியாயம்தான். எங்கள் வீட்டிலும் சிறு தோட்டம்தான், அதனால் எனக்குத் தேயிலை என்றதும் இலை விலைதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இலை விலை விழுந்து கிடக்கும் நேரத்தில் அந்த விலையைக் கணக்கில் போட்டால் பெற்றோர் கூட்டத்தில் வேறு பேச்சு வரும், அது வேறு விஷயம். அப்போது உள்ளூர்க் கதையே கூடாதா?

---

பந்தலூர்_டீச்சர் எழுதியது:

கூடாது என்றில்லை சார். நம் ஊர் என்று சொல்லும்போது ஊரில் யாருடைய வீடு என்று ஒரு கேள்வி இருக்கிறது. என் வகுப்பில் படுக வீட்டுப் பிள்ளை, பணியர் பிள்ளை, காட்டுநாயக்கர் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளை, இப்போது ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவர்களின் பிள்ளை என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான கதை என்று நான் கண்டது கொஞ்சம்தான்: சத்துணவு, பஸ், கடையில் பென்சில் வாங்குவது, தண்ணீர்க் குடம், பள்ளி வளாகம். இதிலும் சலிப்பு வந்துவிடுகிறது. எத்தனை பென்சில்தான் வாங்குவது?

இன்னொன்று. தாள் அச்சுக்குப் போகும் முன் நான் ஐந்தாறு பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். வாசி, கதையைச் சொல், என்ன செய்யப்போகிறாய் என்று சொல், போடு, விடையை எழுது. இந்த ஐந்தில் எங்கே நிற்கிறதோ அதுதான் கோளாறு. முதலில் நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லச் சொன்னேன். அப்போது பணியர் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை, புரியவில்லை என்று முடிவு கட்டப் பார்த்தேன். படம் போடச் சொன்னபோது ஒரு பையன் மூன்று வயலை வரைந்தான், மூன்று விளைச்சலை அல்ல. முப்போகத்தை மூன்று இடமாக எடுத்திருக்கிறான்! விடை சரியாக வந்துவிட்டது. பேப்பரில் பார்த்திருந்தால் புரிந்துகொண்டான் என்று முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

---

வினாத்தாள்_மேசை எழுதியது:

டீச்சர் சொன்ன ஐந்து படிகளை ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977-இல் முறையாக எழுதிவைத்தார். வாக்கியக் கணக்கில் வரும் பிழைகளில் நிறைய, எண்ணில் கை வைக்கும் முன்பே விழுந்துவிடுகின்றன என்பதுதான் அவர் காட்டியது. அந்தப் பையனின் மூன்று வயலை நான் இதுவரை யோசித்ததில்லை. சரியான விடையும் பொய் சொல்லும்.

இப்போது மாற்றி எழுதும் விஷயம். என் வடிவம் இது:

*"ஒருவரிடம் 2½ ஏக்கர் நிலம் இருக்கிறது. அவர் ஓர் ஆண்டில் 3 முறை நெல் அறுவடை செய்தார். ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 20 மூட்டை நெல் கிடைத்தது. ஆண்டு முழுவதும் கிடைத்த நெல்லில் 1/5 பங்கை வீட்டுக்கு வைத்துக்கொண்டார். மீதியை மூட்டை ரூ.1,200 வீதம் விற்றார். விற்றதில் அவருக்கு எவ்வளவு பணம் கிடைத்தது?"*

நஞ்சை போயிற்று, விதை போயிற்று, சொந்தமும் போயிற்று. மூன்றும் விடைக்கு வேண்டாதவை. மீதி, வீதம், பங்கு ஆகியவற்றைத் தொடவில்லை. அவை கணக்கின் சொற்கள், பிள்ளை கற்றே ஆக வேண்டும். அ, ஆ, இ என்று துணைக்கேள்வியாகவும் உடைக்கவில்லை. "முதலில் மொத்த நெல் எவ்வளவு?" என்று நாமே கேட்டுவிட்டால், எதை முதலில் செய்வது என்று முடிவு செய்கிற வேலையை நாம் செய்துவிடுகிறோம். ஐயா பயந்தது அதுவாக இருந்தால் அந்தப் பயம் சரியானது.

---

ஓய்வு_தலைமையாசிரியர் எழுதியது:

ஆறு வாக்கியமாக உடைத்ததே பாதி வேலையைச் செய்து கொடுத்த மாதிரிதான். வரிசையாக வந்துவிட்டதே!

---

வினாத்தாள்_மேசை எழுதியது:

அதில் உண்மை இல்லாமல் இல்லை. எந்தக் கோட்டில் நிறுத்துவது என்பதில் எங்கள் மேசையிலேயே சண்டை நடக்கும். வரிசையையும் சோதிக்க வேண்டுமென்றால் விலையை முதல் வாக்கியத்தில் வையுங்கள், வாக்கியத்தை மட்டும் சிறிதாக வைத்திருங்கள்.

மொழியை எளிதாக்கினால் மதிப்பெண் கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அபெதி, லார்ட் இருவரும் 2001-இல் அமெரிக்காவில் எட்டாம் வகுப்புக் கணக்கு வினாக்களின் மொழியை எளிதாக்கிச் சோதித்ததை வெளியிட்டார்கள். கூடியது சிறிதளவுதான். பலன் கிடைத்தது பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் கணக்கில் பின்தங்கியவர்களுக்கும்.

---

கோத்தகிரி_கணக்கு எழுதியது:

புதிய வடிவத்தைப் பக்கத்துப் பிரிவில் கொடுத்துப் பார்த்தேன். 48,000 ஏறக்குறைய மறைந்துவிட்டது. 36,000 கொஞ்சம் குறைந்தது, ஆனால் இன்னும் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டால் கதையை ஒழுங்காகச் சொல்கிறார்கள். "30 வீட்டுக்கு, மீதி விற்றார்" என்று வாயால் சொல்லிவிட்டு 30-ஐயே பெருக்குகிறார்கள். இது நான் சொல்லிக்கொடுக்க வேண்டியது, தாளின் குற்றம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். சமவெளிப் பள்ளிகளில் இந்தக் கணக்கில் எங்களைவிட நிறையப் பேர் சரியாகப் போட்டதாகச் சொல்கிறார்கள். அதை வைத்தே தாள் சாய்வானது என்று குழுவில் வாதாடலாமா?

---

வினாத்தாள்_மேசை எழுதியது:

அதை மட்டும் வைத்து வாதாடாதீர்கள், ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்கள்: "அங்கே பிள்ளைகள் எல்லாக் கணக்கிலும்தான் நன்றாகப் போடுகிறார்கள்." ஒப்பிட வேண்டியது சமமானவர்களை. தாளின் மற்ற கணக்குகளில் ஒரே மதிப்பெண் வாங்கிய மலைப் பிள்ளைகளையும் சமவெளிப் பிள்ளைகளையும் எடுத்து, இந்த ஒரு கணக்கில் மட்டும் வித்தியாசம் வருகிறதா என்று பாருங்கள். எல்லா மதிப்பெண் அடுக்கிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் அப்போது பேசலாம். மேன்டல்-ஹேன்சல் என்று இதற்கு ஒரு கணக்கீடு உண்டு. மலை, சமவெளி இரண்டு பக்கமும் தலா இருநூறு பேராவது இல்லாமல் வரும் எண்ணை நான் நம்பமாட்டேன். உங்கள் ஒரு பள்ளிக்கு அது ஆகாது.

ஒரு ஓட்டையும் இருக்கிறது. தாள் முழுக்கவே நெல்லும் ஏரியும் கிரிக்கெட்டுமாக இருந்தால், மற்ற கணக்குகளில் வாங்கிய மதிப்பெண்ணே சாய்ந்திருக்கும். அப்போது இந்த முறை எதையும் காட்டாது. ஆகவே உங்கள் நிலையில் பந்தலூர் டீச்சர் செய்வதுதான் சிறந்தது. தவறான விடைகளைக் கட்டோடு எடுத்துப் போங்கள், 48,000 எங்கிருந்து வருகிறது என்று குழுவில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

---

எஸ்டேட்_லைன்_பையன் எழுதியது:

கிரிக்கெட் என்றதும் ஞாபகம் வந்தது. ஓவர் கணக்கில் 4.3 ஓவர் என்று வந்தால் அது 27 பந்து. தசமம் என்று நினைத்த என் தங்கை 4.3-ஐ ஆறால் பெருக்கி 25.8 பந்து என்று எழுதினாள். டீச்சர் கிரிக்கெட் ரசிகை, "இதுகூடத் தெரியாதா" என்றாராம்.

---

பந்தலூர்_டீச்சர் எழுதியது:

அதே நோய்தான் தம்பி. ஒரு ஓவரில் ஆறு பந்து என்பதும் வினாவில் இருக்காது.

கோத்தகிரி சார், குழுவில் ஒன்றை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஜார்க்கண்ட் பிள்ளைகள் மூன்று பேர் என் வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். இந்த ஆறு வாக்கியமும் அவர்களுக்கு மலைதான். கணக்குத் தாளை மட்டும் நான் உரக்க வாசித்துக் காட்டலாமா? அதற்கு அனுமதி உண்டா இல்லையா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

---

ஓய்வு_தலைமையாசிரியர் எழுதியது:

வாசிக்கலாம் என்றுதான் நான் சொல்வேன், கணக்குத் தேர்வுதானே, வாசிப்புத் தேர்வு இல்லையே. ஆனால் வாசித்தால் எல்லாப் பிள்ளைக்கும் வாசியுங்கள், மூன்று பேருக்கு மட்டும் என்றால் மற்ற பெற்றோர் வந்து நிற்பார்கள். முப்போகத்தில் நான் இன்னும் மாறவில்லை. தாளில் அந்தச் சொல் இருக்கட்டும், பக்கத்தில் ஆண்டுக்கு 3 முறை என்று போடுங்கள். பிள்ளைக்குச் சொல்லும் கிடைக்கும், எண்ணும் கிடைக்கும்.

---

கோத்தகிரி_கணக்கு எழுதியது:

ஐயா சொன்னதையும் மேசை சாரின் வடிவத்தையும் இரண்டாகவே குழுவுக்குக் கொண்டுபோகிறேன். டீச்சர், வாசிப்பது பற்றி எழுத்தில் கேட்கிறேன். அதோடு, உங்கள் பையன் வரைந்த மூன்று வயல் படத்தைப் பெயரை மறைத்து ஒரு நகல் அனுப்ப முடியுமா?